ரெண்டிஞ்சு வாங்கிய சைக்கிள்

அந்தத் தெருவில் போய் டெய்லர் கடை எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். ரெண்டிஞ்சு கடை எங்கே என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர் அவர். எந்தக் கால்சட்டை ஆனாலும் அடியில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைத்திருப்பார். சட்டைக் கையில் இரண்டு அங்குலம், இடுப்பில் இரண்டு அங்குலம். பிள்ளை வளர வளரப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். அடுத்த வருஷம் அதே துணியோடு வந்து நிற்கிற தாய்மாருக்கு அவரே பிரித்துக் கொடுத்து, பழைய மடிப்புக் கோடு தெரியாமல் அழுத்தித் தேய்த்தும் கொடுப்பார். இதனால் அவருக்கு வியாபாரம் குறைகிறதே என்று கேட்டவர்கள் உண்டு. அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

கடையில் இருக்கிற வரைக்கும் அது நல்ல குணம். வீட்டுக்கு வந்தால் அதுவே பெரிய தொல்லை. ஏனென்றால் வீட்டில் அவர் இரண்டு அங்குலத்தோடு நிற்பதில்லை. ஆறு வயது மகளுக்கு அவர் வாங்கின மழைக்கோட்டு கணுக்காலைத் தாண்டி நடைபாதையைப் பெருக்கியது. செருப்பு வாங்கினால் பிள்ளை ஒரு பக்கம் திரும்புவாள், செருப்பு இன்னொரு பக்கம் நிற்கும். ஷூவின் முனையில் பஞ்சு வைத்தே அந்த வீட்டில் ஒரு தலையணைப் பஞ்சு தீர்ந்துபோனது. மனைவி ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள்; அளவு ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் ஒத்துக்கொள்ளாத வேலை. எல்லாவற்றையும் இப்படி வாங்கினால் பிள்ளைக்குப் பொருந்துகிற ஒரு நாள் எப்போதுதான் வரும் என்று அவள் ஒரு முறை கேட்டாள். வரும் வரும் என்றார்.

மகளுக்கு வீட்டில் ஜட்ஜம்மா என்று பெயர். அவள் அதிகம் பேசமாட்டாள், பேசினால் தீர்ப்பு. சாம்பாரில் உப்பு இல்லை என்றால் இல்லைதான், மேல்முறையீடு கிடையாது. அந்த ஜட்ஜம்மா, பிறந்தநாளுக்கு ஒரு மாசம் முன்னால், எனக்கு சைக்கிள் வேண்டும் என்று சொன்னாள். சாயங்காலம் ஆனால் குடியிருப்பின் முன்னால் இருக்கிற வழியில் பத்துப் பிள்ளைகள் சைக்கிளில் வட்டமடித்தார்கள். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து யார் எத்தனை சுற்று வந்தார்கள் என்று எண்ணிச் சொல்லுவாள். எண்ணுகிற வேலை அவளுக்குச் சலித்துவிட்டது.

ரெண்டிஞ்சு அவளுக்குத் தெரியாமல் வாங்கி வந்து திகைக்கவைக்க வேண்டும் என்று நினைத்தார். ஆளைக் கூட்டிப் போகாமல் தனியாகக் கடைத்தெருப் பெரிய கடைக்குப் போனார். அங்கே வரிசையாக நின்ற வண்டிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை தொங்கியது. பதினாறு அங்குலச் சக்கரத்தில் நாலு முதல் ஆறு வயது என்று எழுதியிருந்தது. இருபது அங்குலச் சக்கரத்தில் ஆறு முதல் ஒன்பது என்று. ஆறு இரண்டிலும் இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் அங்கே ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பார்கள். இவர் நிற்கவே இல்லை. இதிலே மூணு வருஷம் வளர இடம் இருக்கிறது, அதிலே ஒன்றுமே இல்லை. இருபதை எடுத்துக் கட்டச் சொன்னார்.

கால் எட்டாதே என்ற எண்ணம் அவருக்கும் வராமல் இல்லை. அதற்குத்தான் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு குட்டிச் சக்கரம் இருக்கிறதே. சைடு வீல் மாட்டிய வண்டி எப்படி விழும்? நாலு சக்கரம் இருக்கிற எதுவும் அவர் பார்த்து விழுந்ததில்லை. கூடவே ஒரு ஹெல்மெட்டும் வாங்கினார். அதன் அளவைச் சொல்லவும் வேண்டுமா.

பிறந்தநாள் சனிக்கிழமை. ஜட்ஜம்மா வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தாள். மணியை அடித்துப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு வந்தது; அவள் முகத்தில் அது அடிக்கடி வருகிற விருந்தாளி இல்லை. அப்பா இடுப்பைப் பிடித்துத் தூக்கித்தான் சீட்டில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. சீட்டை அடியோடு இறக்கியும் கால் இரண்டும் அந்தரத்தில் ஆடின. பெடல் கீழே போகும்போதெல்லாம் இடுப்பைச் சாய்த்து எட்டிப் பிடித்தாள். பிரேக்குப் பிடியைச் சுற்ற அவள் விரல் நீளம் போதவில்லை. ரெண்டிஞ்சு சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். முதல் இரண்டு சுற்று நன்றாகத்தான் போனது. படிக்கட்டில் நின்று மனைவி கை தட்டினாள்.

மூன்றாம் சுற்றில் அவர் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். ஜட்ஜம்மா தனியாகப் போனாள். வளைவில் தரை சாக்கடைப் பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். அங்கே அவள் வேகத்தோடு ஹேண்டிலைத் திருப்பினாள். சாதாரண சைக்கிள் என்றால் திரும்புகிற பக்கம் தானாகச் சாய்ந்து கொடுத்திருக்கும். குட்டிச் சக்கரங்கள் சாயவிடவில்லை. உடம்பு வெளிப்பக்கம் தள்ளியது, வெளிப்பக்கத்துக் குட்டிச் சக்கரம் சரிவில் இறங்கியது, உயரமான வண்டி அப்படியே அந்தப் பக்கம் கவிழ்ந்தது. ஹெல்மெட் முன்னால் சரிந்து கண்ணை மூடியது. காலை ஊன்றலாம் என்றால் தரை எங்கேயோ இருந்தது. முழங்காலில் தோல் போனது, தாடையில் ஒரு கோடு கிழித்தது.

அவள் அதிகம் அழவில்லை. அம்மா மருந்து வைத்துக் கட்டுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தீர்ப்பைச் சொன்னாள்.

“எனக்கு சைக்கிள் வேணாம்.”

சரி, இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு ஓட்டலாம் என்றார் அப்பா. நாளைக்கும் வேண்டாம் என்றாள். எப்போதும் வேண்டாம்.

இரண்டு நாள் போனால் மறந்துவிடுவாள் என்று அவர் நினைத்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் கடையில் காலர் தைத்துக்கொண்டிருந்தார். கடை வாசலில் ஜட்ஜம்மாவும் எதிர்வீட்டுப் பெண்ணும் பேசிக்கொண்டிருந்தார்கள். புது சைக்கிளை ஏன் ஓட்டவில்லை என்று அந்தப் பெண் கேட்டாள். ஜட்ஜம்மா குரலில் வருத்தமே இல்லாமல், பள்ளிக்கூட முகவரி சொல்கிற மாதிரி பதில் சொன்னாள்.

“எங்க அப்பாவும் ஓட்டமாட்டாரு. நாங்க ஓட்டாத ஆளுங்க.”

மெஷின் நின்றுவிட்டது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது உண்மை. தெருவில் பாதிப் பேருக்கு இந்த உண்மை தெரியாது. துணி மூட்டையைத் தோளில் சுமந்து நடந்தே போவார்; நடந்தால் உடம்புக்கு நல்லது என்பார். அவசரம் என்றால் மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போவார். கேட்கிறவர்களிடம், பின்னால் உட்கார்ந்தால் கண்ணைச் சுற்றவிட்டு நாலு பேர் போட்டிருக்கிற சட்டையைப் பார்க்கலாம் என்பார். ஏழு வயதில் சித்தப்பா மகன் அவரைத் தன் பெரிய சைக்கிளில் தூக்கி உட்காரவைத்துத் தள்ளிவிட்டதும், கை முறிந்து ஒன்றரை மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்ததும், அதன் பிறகு முப்பத்தைந்து வருஷம் ஒவ்வொரு சைக்கிளையும் பார்த்து ஒரு அடி ஒதுங்கியே நடந்ததும் மனைவிக்கு மட்டும் தெரியும். கூடப் படித்த பையன்கள் ஏரிக்கரைக்கு சைக்கிளில் போய் வந்த கதையை எல்லாம் அவர் கேட்டே வளர்ந்தார். தனக்கு அது போனது போகட்டும். மகளும் படிக்கட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் சுற்றுவதை எண்ணிக்கொண்டே பெரியவளாகிவிடுவாளோ என்று அவர் பயந்தார். அதுவும் தன் கையால் வாங்கிக் கொடுத்த வண்டியால்.

மறுநாள் காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் அக்காவின் கடைக்குப் போனார். பஞ்சர் அக்கா சைக்கிள் பழுது பார்க்கிறவர். பழைய வண்டிகளை வாங்கிச் சரிசெய்து விற்கவும் செய்வார். ஐம்பதை ஒட்டிய வயது, கையில் எப்போதும் கிரீஸ், வாயில் எப்போதும் ஏதாவது ஒரு குத்தல். கடையின் கூரையெல்லாம் டயர் தொங்கும். ரெண்டிஞ்சு தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். பக்கச் சக்கரம் இரண்டையும் இன்னும் கீழே இறக்கி, தரையில் அழுந்துகிற மாதிரி இறுக்கிக் கொடுத்தால் வண்டி ஆடாது என்பது அவர் யோசனை.

அப்படிச் செய்தால் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும், பிள்ளை மிதிப்பாள், சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும் என்றார் அக்கா. அந்தக் குட்டிச் சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமல் ஒரு விரல்கடை தூக்கித்தான் இருக்க வேண்டும். சைடு வீலே கெட்டது என்று அவர் சொல்லவில்லை. சமதரையில் மெதுவாகப் போனால் பெடல் மிதிக்கவும் பிரேக் பிடிக்கவும் அதிலே பழகலாம், சில பிள்ளைகளுக்குப் பயம் தெளியும். ஆனால் சாயாமல் நிற்கிற வண்டியில் சாயாமல் இருக்கப் பழக முடியாது. அதைக் கழற்றுகிற அன்றைக்குப் பிள்ளை முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பிறகு அக்கா வண்டியின் உயரத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

“டெய்லர் சார், ஆளைப் பாக்காம நீங்க சட்டை தைப்பீங்களா?”

ரெண்டிஞ்சுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆள் எதற்கு, அளவு என்னிடம் இருக்கிறதே என்று சட்டைப்பையிலிருந்து அளவுப் புத்தகத்தை எடுத்தார். மகளுடைய பக்கத்தைப் புரட்டினார். உள்கால் பதினேழு அங்குலம்.

“பதினேழு எது வரைக்கும்?”

கணுக்கால் வரைக்கும் என்றார். கால்சட்டை அங்கேதானே முடியும். பிள்ளை கணுக்காலால் நிற்குமா பாதத்தால் நிற்குமா என்று அக்கா கேட்டார். சைக்கிளுக்கு அளவு கவட்டையிலிருந்து தரை வரைக்கும், வெறுங்காலோடு, சுவரில் சாய்ந்து நிற்கவைத்து எடுக்க வேண்டும். வயசு என்னவாக இருந்தாலும் சரி. ஆறு வயதில் கொக்கு மாதிரிக் கால் நீண்ட பிள்ளையும் உண்டு, குட்டையான பிள்ளையும் உண்டு. அட்டை எழுதினவன் இரண்டு பேரையும் பார்த்ததில்லை. இருபது வருஷமாக ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் அளவெடுத்த மனிதர், சொந்த மகளுக்கு அட்டையை நம்பி வாங்கி வந்திருக்கிறார். அவருக்கே வெட்கமாக இருந்தது. தெருவில் இது பரவக் கூடாதே என்று வேறு கவலை.

ஜட்ஜம்மாவைக் கடைக்கு வரவைப்பது லேசாக இல்லை. மிட்டாய், பொம்மை, ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் அந்தப் பெரிய சைக்கிளை விற்றுத் தள்ளிவிடப் போகிறோம், பார்க்க வருகிறாயா என்று அம்மா கேட்டாள். அதைப் பார்க்க வருகிறேன் என்றாள் ஜட்ஜம்மா.

பஞ்சர் அக்கா சைக்கிள் பேச்சையே எடுக்கவில்லை. பாப்பா எத்தனை உயரம் என்று பார்க்கலாம் என்று செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுவரோரம் நிறுத்தினார். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தின் முதுகைக் கால்களுக்கு நடுவே மேலே முட்டுகிற வரைக்கும் சமமாகப் பிடித்து, அந்த இடத்தில் சுவரில் கோடு போட்டார். ரெண்டிஞ்சு கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துத் தானே அளந்தார். பத்தொன்பதே கால். அடுத்து இருபது அங்குல வண்டியின் சீட்டை அடியோடு இறக்கித் தரையிலிருந்து அளந்தார். இருபத்து மூன்று. கிட்டத்தட்ட நாலு அங்குலம் அந்தரம். அவர் வாழ்க்கையில் எந்தப் பிள்ளைக்கும் இவ்வளவு தப்பாகத் தைத்துக் கொடுத்ததில்லை.

அக்கா உள்ளே போய் ஒரு பச்சை வண்டியைத் தள்ளி வந்தார். பதினாறு அங்குலச் சக்கரம். பிளம்பர் வீட்டுப் பையன் ஓட்டியது. அவனுக்கு எட்டு வயது ஆகி, முழங்கால் ஹேண்டிலில் இடிக்க ஆரம்பித்துவிட்டதாம். சீட்டை இறக்கினால் தரையிலிருந்து பதினெட்டு அங்குலம். இதையும் அவரையே அளக்கச் சொன்னார். அவளுடைய உள்காலுக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் கீழே. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தட்டையாகத் தரையில் படியும், முட்டி கொஞ்சம் மடங்கியும் இருக்கும். பழகுகிற பிள்ளைக்கு அதுதான் வேண்டும்.

அளவெல்லாம் சரி, ஆனால் ரெண்டிஞ்சுக்கு உள்ளே அரித்தது. வாயை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வளர்ற வயசாச்சே அக்கா என்று கேட்டே விட்டார். பஞ்சர் அக்கா சீட்டுக்குக் கீழே இருந்த திருகைத் தளர்த்திச் சீட்டை இழுத்தார். உள்ளேயிருந்து வெள்ளிக் குழாய் நீளமாக வெளியே வந்தது. குழாயில் ஒரு கோடு வெட்டியிருந்தது. அந்தக் கோடு வெளியே தெரியாத வரைக்கும் ஏற்றிக்கொள்ளலாம். கிட்டத்தட்ட நாலு அங்குலம்.

ரெண்டிஞ்சு குனிந்து குழாயைத் தடவிப் பார்த்தார். உள்ளே மடித்துத் தைத்திருக்கிறார்கள். இத்தனை நாளாக இது தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு ஒரு சந்தோஷம், ஒரு ஆதங்கம். ஒன்றரை வருஷம் வரும், பிள்ளை மெதுவாக வளர்ந்தால் இரண்டு வருஷமும் வரும் என்றார் அக்கா. ஆனால் ஹெல்மெட்டில் மட்டும் மடிப்புக் கிடையாது, அது இன்றைக்கு இருக்கிற தலைக்குத்தான் வாங்க வேண்டும் என்றும் சொல்லி, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டு ஆடாமல் நிற்கிற ஒன்றை எடுத்து ஜட்ஜம்மாவின் தலையில் மாட்டினார். அப்போதுதான் அவள் முகம் முழுசாக வெளியே தெரிந்தது.

பிளம்பர் வீட்டுப் பையனுக்கு இருபது அங்குல வண்டி, ஜட்ஜம்மாவுக்குப் பச்சை வண்டி என்று முடிவானது. பையனும் வந்தான், பக்கச் சக்கரங்களைக் கழற்றச் சொன்னான், ஏறினான், மணியடித்துக்கொண்டே போய்விட்டான். ஜட்ஜம்மா அவன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்தாள். அவள் வந்த வேலை முடிந்தது. செருப்பை மாட்டப் போனாள்.

அக்கா அதற்குள் ஸ்பேனரை எடுத்துப் பச்சை வண்டியின் பெடலைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். வலது பெடல் வழக்கம்போல இடப்பக்கம் திருகியதும் கழன்றது. இடது பெடலை ரெண்டிஞ்சு உதவுகிறேன் என்று பிடித்து அதே மாதிரி திருகி இன்னும் இறுக்கிவைத்தார். அதற்குத் திருகு மரை எதிர்ப்பக்கம் சார் என்று அக்கா ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார். இரண்டு பெடலும் கழன்றதும் பாப்பாவை உட்காரச் சொன்னார். நிற்க வேண்டாம், போக வேண்டாம், சும்மா உட்கார்.

ஜட்ஜம்மா காலைத் தூக்கிப் போட்டுத் தானாகவே உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் தரையில் படிந்தன. அவள் குனிந்து பாதத்தைப் பார்த்தாள். பிரேக்கை அழுத்தினாள், பிடிக்குள் இருந்த சின்னத் திருகை முடுக்கி அக்கா அதை விரலுக்கு எட்டுகிற தூரத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அது பிடித்தது. காலால் இரண்டு தட்டுத் தட்டி நாலடி நகர்ந்தாள்.

“பெடல் இல்ல. இது பாப்பா வண்டி.”

அக்கா கூரையைக் காட்டினார். அங்கே ஒரு குட்டி வண்டி தொங்கியது. பெடலும் கிடையாது, சங்கிலியும் கிடையாது. இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் காலால் தள்ளிக்கொண்டே போய் நிலைத்து உட்காரப் பழகுகிற பேலன்ஸ் பைக். அதுதான் பாப்பா வண்டி, நீ ஏறினால் முட்டி மூக்கில் இடிக்கும் என்றார். ஆறு வயதுக்கு மேல் அதைத் தனியாக வாங்குவது வீண். சரியான அளவில் ஒரு சைக்கிளை வாங்கிப் பெடலைக் கழற்றினால் அதே வேலையைச் செய்யும், பழகினதும் பெடலை மாட்டிக்கொள்ளலாம்.

“இது பெரிய வண்டிதான். பெடல் லீவுல போயிருக்கு.”

ஜட்ஜம்மா யோசித்தாள். நீளமாக யோசித்தாள். பிறகு விரலை நீட்டி அப்பாவைக் காட்டினாள்.

“அப்பாவுக்கும் பெடல் இல்லாம ஒண்ணு குடுங்க. அவரு ஓட்டினா நான் ஓட்டறேன்.”

மனைவி சட்டென்று திரும்பி டயர்களை எண்ண ஆரம்பித்தாள். அவள் தோள் குலுங்கியது. ரெண்டிஞ்சு ஏதாவது சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். கடையில் ஆர்டர் நிறைய, இடுப்பு வலி, வயசு. அதையெல்லாம் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை. ஓட்டமாட்டீர்கள்தானே, எனக்குத் தெரியும் என்கிற மாதிரி ஒரு சமாதானம் இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பஞ்சர் அக்கா அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பதில் வருவதற்குள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய வண்டியின் பக்கம் போய் உட்கார்ந்தார்.

இப்படியாக நாற்பத்திரண்டு வயதில், இரண்டு பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைக்கிற ஒரு மனிதர், பெடல் இல்லாத சைக்கிளில் ஏறினார். தெருக்கோடியில் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கு இருந்தது. சாயங்காலம் லாரிகள் போனபின் அதன் பின்புற சிமெண்டு முற்றம் காலியாக இருக்கும். வாசல் கேட்டுப் பக்கம் மிக லேசான சரிவு, அதற்குப் போகிற வழியில் ஒரு விளக்குத் தூண். காவல்காரர் மகனுக்கு இவர்தான் சட்டை தைத்தார், அதனால் அனுமதி கிடைத்தது. அப்பாவும் மகளும் சீட்டில் உட்கார்ந்துகொண்டு தத்தித் தத்தி நடந்தார்கள். முதல் நாளே சுவருக்கு மேலே ஏழெட்டுத் தலைகள் முளைத்தன. எல்லாம் அவர் தைத்த காலர்கள். ரெண்டிஞ்சு வாத்து மாதிரிப் போறாரு பாரு என்று ஒரு காலர் சொன்னது. அவர் காது சிவந்தது. இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தார். மகள் பக்கத்தில் வந்து, தரையைப் பார்க்காதீர்கள், அக்கா தூரத்தில் பார்க்கச் சொன்னார்கள் என்றாள். அவர் தூரத்தில் பார்த்தார்.

இரண்டாம் நாள் ஜட்ஜம்மா நடப்பதை விட்டுவிட்டுத் துள்ளினாள். மூன்றாம் நாள் தள்ளிவிட்டுக் காலைத் தூக்கி மூன்று எண்ணுகிற வரைக்கும் மிதந்தாள். சாய்கிற பக்கமே ஹேண்டிலைக் கொஞ்சம் திருப்பினால் வண்டி நிமிர்கிறது என்பதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் கை தானாகக் கண்டுபிடித்தது. விழ வந்தால் பாதம் தரையில் இருந்தது, அவ்வளவுதான் விஷயம். ஐந்தாம் நாள் பன்னிரண்டு வரைக்கும் எண்ணினாள். அப்பா இன்னும் தத்திக்கொண்டே இருந்தார். ஒரு கால் தூக்குவார், இன்னொன்று வராது. அந்தக் கை முறிந்த பையன் உள்ளேயிருந்து காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். பரவாயில்லை என்று அவர் மனைவியிடம் சொன்னார். நான் கற்றுக்கொள்ளவா போகிறேன், அவளுக்குத் துணைக்குத்தானே.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சர் அக்கா ஸ்பேனரோடு வந்தார். பெடலை மாட்டினார். ஒரு பெடலை முன்னால் மேலே நிறுத்தி, அதை அழுத்திக் கிளம்பச் சொன்னார். சீட்டைப் பிடிக்கட்டுமா என்று அம்மா கேட்டாள்.

“வேணாம்.”

அழுத்தினாள். வண்டி இடப்பக்கம் ஆடியது, வலப்பக்கம் ஆடியது, நேரானது. அப்புறம் போயிற்று. ஒரு சத்தமும் இல்லாமல், சங்கிலி சுற்றுகிற சின்னச் சத்தம் மட்டும். ரெண்டிஞ்சு முற்றத்தின் நடுவில் தன் வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்தார். மகள் அவரைத் தாண்டிப் போனாள். கேட்டுப் பக்கம் போனாள். அப்போதுதான் கேட்டு பாதி திறந்திருப்பதையும் வெளியே ரோட்டில் வண்டிகள் போவதையும் அவர் பார்த்தார்.

அவருக்குக் கூப்பிட வாய் வரவில்லை. கால் மட்டும் தரையை ஓங்கி உதைத்தது. இரண்டு உதை, மூன்று உதை. கண் அவள் முதுகைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. காற்று சட்டைக்குள் புகுந்தது. அவள் ஹெல்மெட் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிறகு அவள் வண்டி நின்றுவிட்டது, இவர் நிற்கவில்லை. அவளைத் தாண்டிப் போய், செருப்பைத் தேய்த்து, கேட்டின் கம்பியில் வயிறு முட்டி நின்றார்.

திரும்பிப் பார்த்தார். ஜட்ஜம்மா கேட்டுக்குப் பத்தடி முன்னால் இருந்தாள். இரண்டு கையும் பிரேக்கில், இரண்டு பாதமும் தரையில்.

“ஏம்பா இப்படி ஓடி வந்தீங்க?”

“உன்னப் பிடிக்கத்தான்.”

“நான்தான் நின்னுட்டேனே.”

அவள் நின்றிருந்தாள். யாரும் பிடிக்காமல், யாரும் கத்தாமல், எங்கே நிற்க வேண்டுமோ அங்கே தானாக நின்றிருந்தாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். கொஞ்சம் வேறு ஏதோவும் இருந்தது. அதற்கு அவர் பெயர் தேடவில்லை. பின்னாலிருந்து பஞ்சர் அக்கா நடந்து வந்தார். அந்தத் தூணிலிருந்து கேட்டுப் பக்கம் வரைக்கும் உங்கள் கால் தரையில் படவில்லை, கவனித்தீர்களா சார் என்று கேட்டார். அவர் கவனிக்கவில்லை. தூணைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார்.

இன்னும் ஒருதரம் அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்துகொண்டு அங்கேயே நின்றார். ஜட்ஜம்மா ஹேண்டிலைத் திருப்பி, பெடலை மேலே நிறுத்தி, காத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, கொஞ்சம் ஓரமாப் போங்க. நான் திரும்பணும்.”

அவர் ஓரமாகப் போனார்.